பேனரில் பாட்டியின் முகம்: எத்தனை பிக்சல் வேண்டும்?

கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கொடுக்கப் போகிறவர்களுக்குக் கடைக்குக் கடை வேறு வேறு எண் சொல்லப்படுகிறது. ஒரு கடையில், "300 டிபிஐ இல்லேன்னா பிரிண்ட் நல்லா வராதுண்ணே" என்பார்கள். பக்கத்துக் கடையில், "பிளெக்ஸுக்கு 72 போதும், வாட்ஸ்அப்ல அனுப்பி விடுங்க" என்பார்கள். இருவரும் தொழில் தெரிந்தவர்கள்தான். இரண்டு எண்களும் அதனதன் இடத்தில் சரியானவைதான். ஆனால் துக்க வீட்டில், அடக்கத்துக்குச் சில மணி நேரமே இருக்கும்போது, கைப்பேசியில் இருக்கும் படம் நாலடி உயரத்துக்குத் தாங்குமா என்று கேட்கும் பேரனுக்கு இந்த இரண்டு எண்களுமே உதவுவதில்லை. அவனுக்கு வேண்டியது, தன் பாட்டியின் முகத்தை எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்ற அளவு. அந்த அளவைக் கண்டுபிடிக்கக் கணக்கு உண்டு. அது கடினமும் இல்லை.

முதலில் 300 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஆஃப்செட் அச்சில் படம் தொடர்ச்சியான நிறமாக விழுவதில்லை. சிறிதும் பெரிதுமான புள்ளிகளின் வரிசைகளாக விழுகிறது. நல்ல பளபளப்புத் தாளில் அச்சாகும் பத்திரிகைக்கு அங்குலத்துக்கு ஏறத்தாழ 150 வரிசைகள் என்பது நெடுநாள் வழக்கம். ஒரு வரிசைப் புள்ளிக்கு இரண்டு பிக்சல் இருந்தால் புள்ளியின் அளவைச் சரியாகக் கணிக்கலாம் என்பதால், 150-ஐ இரட்டித்து 300 பிக்சல் என்று வைத்துக்கொண்டார்கள். கையில் பிடித்துப் படிக்கும் தாளுக்கான எண் இது. அழைப்பிதழுக்கும் புத்தக அட்டைக்கும் இதைக் கேட்பது நியாயம். சுவரில் தொங்கும் ஆறடி பேனருக்கும் இதையே கேட்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.

காரணம் கண்ணில் இருக்கிறது. கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தரும் இயல்பான பார்வைக்கு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குள் அடங்கிவிடும் நுணுக்கம் புலப்படாது. ஓரடி தூரத்தில் அந்தக் கோணம் ஓர் அங்குலத்தை ஏறத்தாழ 286 கூறுகளாக வெட்டும். கணக்குப் போட வசதியாக அதை 300 என்றே வைத்துக்கொள்ளலாம். அச்சுத் தொழில் வேறு வழியில் வந்து சேர்ந்த எண்ணும், கண்ணின் எல்லையும் ஓரடி தூரத்தில் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. தூரம் இரட்டித்தால் தேவை பாதியாகும். ஆகவே நமக்கு வேண்டிய விதி ஒரே வரிதான்: பார்க்கிறவர் எத்தனை அடி தள்ளி நிற்பார் என்று கேட்டு, 300-ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

```
அங்குலத்துக்குத் தேவையான பிக்சல் = 300 / பார்க்கும் தூரம் (அடி)
```

இரண்டடிக்கு 150. மூன்றடிக்கு 100. ஆறடிக்கு 50. தெருவுக்கு எதிர்ப்பக்கம் பன்னிரண்டு அடியில் நின்று பார்ப்பவருக்கு 25. "பிளெக்ஸுக்கு 72 போதும்" என்பதற்கும் இதில் இடம் இருக்கிறது: 72 பிக்சல் அடர்த்தி என்பது ஏறக்குறைய நாலடி தள்ளி நிற்பவருக்குப் போதுமான அளவு. பேனரில் உள்ள படத்தைப் பெரும்பாலும் யாரும் அதைவிட நெருங்கி நின்று பார்ப்பதில்லை என்பதால் அந்த எண் தொழிலில் நிலைத்திருக்கிறது.

இந்த விதியிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. அதைத்தான் இந்தக் கேள்வியின் மையமாக நான் கருதுகிறேன். ஒரு படத்தின் நீளப் பக்கத்தில் 3600 பிக்சல் இருக்கிறதென்று கொள்வோம். அதை ஓரடி நீளத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல்; ஓரடி தூரத்திலிருந்து பார்க்கலாம். பத்தடி நீளத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு 30. பத்தடி தூரத்திலிருந்து பார்க்கலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும், படத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி நின்றால் தெளிவு ஒன்றேதான். இன்று நம் கைப்பேசிகள் பெரும்பாலும் எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கத்தில் 4032 பிக்சல் இருக்கிறது, 3600-ஐவிடக் கூடுதல். ஒரு படத்தை முழுதாகப் பார்க்க எவரும் குறைந்தது அதன் நீளத்தளவு தூரமாவது விலகித்தான் நிற்பார். ஆகவே முழுச் சட்டகத்தையும் பயன்படுத்தும்வரை, 12 மெகாபிக்சல் படத்துக்கு அளவின் உச்சவரம்பு என்று ஒன்று நடைமுறையில் இல்லை.

2015-இல் ஆப்பிள் நிறுவனம், ஐபோன் 6 கைப்பேசியில் பொதுமக்கள் எடுத்த படங்களை உலகின் பல நகரங்களில் பெரிய விளம்பரப் பலகைகளில் வைத்தது. அந்தக் கைப்பேசியின் கேமரா 8 மெகாபிக்சல்தான். நீளப் பக்கம் 3264 பிக்சல். நாற்பதடி அகலப் பலகையில் அப்படியொரு படத்தை ஏற்றினால் அங்குலத்துக்கு ஏழு பிக்சல்கூட வராது. ஒவ்வொரு பிக்சலும் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் கட்டமாகும். ஆனால் சாலையில் போகிறவர் அதை நாற்பத்தைந்து அடிக்கு அப்பாலிருந்துதான் பார்ப்பார். அங்கே அந்தக் கட்டம் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியென்றால் நம் ஊர் பேனர்களில் முகங்கள் ஏன் சிதைந்து கிடக்கின்றன? முழுச் சட்டகம் கடைக்குப் போய்ச் சேருவதில்லை என்பதுதான் காரணம். பிக்சல்கள் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. எங்கே, எத்தனை உதிர்கின்றன என்பதை ஒரு படத்தை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

பாட்டி காலமாகிவிட்டார். தனியாக எடுத்த நல்ல படம் இல்லை. பேத்தியின் வளைகாப்பில் நாற்காலி போட்டு ஐந்து பேரை உட்காரவைத்து எடுத்த படத்தில் பாட்டி சிரித்த முகமாக இருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்த படம் அதுதான். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து எட்டு, ஒன்பது அடி தள்ளி நின்று எடுத்தது. அளவு 4032-க்கு 3024. அதில் பாட்டியின் தலை முதல் மார்பு வரை வெட்டினால் தேறுவது ஏறத்தாழ 600-க்கு 800 பிக்சல். பன்னிரண்டு மெகாபிக்சல் அரை மெகாபிக்சலுக்கும் குறைவாகிவிட்டது. இதில் யாருடைய தவறும் இல்லை. ஐந்து பேருக்கும் பின்சுவருக்கும் பங்கு போனபின் ஒருவருக்கு அவ்வளவுதான் மிஞ்சும். முகம் மட்டும் என்று பார்த்தால் உச்சி முதல் முகவாய் வரை சுமார் 260 பிக்சல். ஒரு கண்ணின் அகலம் 35 பிக்சல்.

அடுத்த இழப்பு, படத்தை அனுப்புவதில் நேர்கிறது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கப்பட்டுத்தான் போகிறது. 4032 என்பது 1600 ஆனால் பாட்டியின் 800 பிக்சல் உயரம் 317 ஆகிறது. முகம் 103. கண் 14.

சுருங்குவது மட்டுமல்ல. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் நுண்ணிய வேறுபாடுகளைக் கழித்துவிட்டுத்தான் கோப்பைச் சிறிதாக்குகிறது. அழுத்தம் கூடக்கூடச் சதுரத்தின் விளிம்புகள் வெளியே தெரியத் தொடங்கும். கண்ணின் அகலமே 14 பிக்சல் என்னும்போது ஒரு கண் இரண்டு சதுரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. இமைமுடியும் கருவிழியின் ஒளிப்புள்ளியும் அங்கேயே தொலைந்துவிடும். இதை நாலடி உயரப் படமாக்கினால், அங்குலத்துக்கு 6.6 பிக்சல், ஒரு ஜேபெக் சதுரம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து நிற்கும். பேனரில் கன்னத்தின் மேல் தெரியும் திட்டுத்திட்டான கட்டங்கள் இவைதான். அவற்றைப் பார்த்துவிட்டு அச்சு இயந்திரத்தைக் குறை சொல்கிறோம். இயந்திரம் கொடுத்ததைக் கொடுத்தபடி அடித்திருக்கிறது.

இதைத் தடுப்பது எளிது. வாட்ஸ்அப்பிலேயே படத்தை `Document` வழியாக இணைத்தால் அசல் கோப்பு மாறாமல் போகும். மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பலாம், பென்டிரைவில் கொடுக்கலாம். படம் ஏற்கெனவே குடும்பக் குழுவில் சுற்றி வந்ததாக இருந்தால், எடுத்தவர் யார் என்று கேட்டு அவர் கைப்பேசியிலிருந்து அசலை வாங்க வேண்டும். அந்த ஒரு தொலைபேசி அழைப்பு 317 பிக்சலை 800 ஆக்குகிறது. அச்சகத்தில் அதற்குப்பின் செய்யக்கூடிய எந்த வேலையும் இதற்கு ஈடாகாது.

கோப்பின் பிக்சல் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடவும் முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். குழுவில் வந்த படத்தில் பாட்டியின் முகத்தை விரலால் பெரிதாக்கி, திரையைப் படம்பிடித்து அனுப்புகிறார்கள். அதன் அகலம் 1080 பிக்சல் என்று காட்டும். ஆனால் அந்த 1080-இல் இருப்பது பழைய 238 பிக்சல் அகலத்தின் விவரம்தான். கைப்பேசித் திரை அதை நீட்டி நிரப்பியிருக்கிறது. எடுக்கும்போதே விரலால் பெரிதாக்கி எடுத்த படத்துக்கும் பெரும்பாலும் இதே கதிதான். சந்தேகம் வந்தால் கணினியில் நூறு சதவீத அளவில் வைத்துப் பார்க்கலாம். புருவத்தில் முடி முடியாகத் தெரிந்தால் பிக்சல்கள் மெய்யானவை. சாயம் பூசியதுபோல் வழுவழுப்பாக இருந்தால், எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் உள்ளே விவரம் இல்லை.

இப்போது பாட்டியின் 800 பிக்சலை வைத்துக்கொண்டு பேனரைத் திட்டமிடலாம். தெருமுனையில் கட்டப்போகும் நாலுக்கு ஆறடி பேனர். குடும்பத்தார் முதலில் கேட்டது மூன்றடி அகலம், நாலடி உயரத்துக்குப் பாட்டியின் படம். 800-ஐ 48 அங்குலத்தால் வகுத்தால் அங்குலத்துக்கு 16.7 பிக்சல். 300-ஐ இந்த எண்ணால் வகுத்தால் 18 அடி. அதாவது பதினெட்டு அடி தள்ளி நின்றால் குறை தெரியாது. ஆனால் நம் தெருவின் அகலம் அவ்வளவு இல்லை. மாலையோடு வருகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் அதைப் பன்னிரண்டு அடியில்தான் பார்ப்பார்கள். எனவே கேள்வியைத் திருப்பிப் போடுவதுதான் நல்லது. அளவை முடிவுசெய்துவிட்டுப் பிக்சலைத் தேடுவதைவிட, இருக்கும் பிக்சலையும் தூரத்தையும் வைத்து அளவைக் கேட்கலாம்.

```
படத்தின் உயரம் (அங்குலம்) = பிக்சல் × தூரம் (அடி) / 300
800 × 12 / 300 = 32
```

முப்பத்திரண்டு அங்குல உயரம், இருபத்துநாலு அங்குல அகலம். பாட்டியின் முகம் மட்டும் பத்து அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். மனித முகத்தின் இயல்பான அளவைவிடச் சிறிது பெரியது. ஆறடி பேனரில் கிட்டத்தட்டப் பாதி உயரத்தைப் படம் எடுத்துக்கொள்ளும். மீதி இடத்தில் பெயரும் தோற்றம், மறைவு நாட்களும் உறவினர் பெயர்களும் தாராளமாக அமரும். இதே படத்தை வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு வைப்பதற்குச் சட்டமிட வேண்டுமென்றால் தூரம் நாலரை அடி. 12 அங்குல உயரம் சரியாக இருக்கும். அசல் கிடைக்காமல் 317 பிக்சல் பிரதி மட்டுமே இருந்திருந்தால் தெருமுனை பேனரிலேயே 13 அங்குலத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது.

இந்த விதி கறாரானது என்பதையும் சொல்ல வேண்டும். இது, கண்ணால் பிரித்தறிய முடிந்த நுணுக்கம் முழுவதும் படத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. முகத்துக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. மென்மையான கன்னமும் நெற்றியும் விதி கேட்பதில் பாதி அடர்த்தியிலும் பார்க்கத் தகுந்தபடியே இருக்கும். குறை சொல்லத் தோன்றாது. ஆனால் மூக்குக்கண்ணாடிச் சட்டம், புடவைக் கரை, பொட்டின் வட்டம் போன்ற கூர்மையான விளிம்புகள் அப்படியல்ல. ஒரு கோடு படிக்கட்டுபோல் உடைந்திருப்பதைக் கண் தன் இயல்பான எல்லையையும் மீறிக் கண்டுபிடித்துவிடும். பன்னிரண்டு அடியில் பிக்சல் தெரியாது என்று கணக்கு சொன்னாலும், சாய்ந்த விளிம்பின் படிக்கட்டு அதற்கு அப்பாலிருந்தும் உறுத்தும்.

அதனால்தான் 25 பிக்சல் அடர்த்திப் படத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல், நாமே பெரிதாக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் `Image Size` திறந்து, `Resample` குறியிட்டு, `Bicubic` வகையைத் தேர்ந்து 600-க்கு 800-ஐ 2400-க்கு 3200 ஆக்கினால் அச்சில் அங்குலத்துக்கு 100 பிக்சல் வரும். இதனால் ஒரு புதிய இமைமுடிகூடப் பிறக்காது. பக்கத்துப் பிக்சல்களுக்கு இடைப்பட்ட நிறங்களை நிரப்பி, ஒரு மில்லிமீட்டர் கட்டத்தைக் கால் மில்லிமீட்டர் படிகளாக இழைத்துவிடுகிறது, படிக்கட்டு மறைகிறது. அதைச் செய்யாமல் விட்டால் அச்சு இயந்திரத்தின் மென்பொருள் சில சமயம் ஒவ்வொரு பிக்சலையும் சதுரமாகவே நீட்டி அடித்துவிடும். பெரிதாக்கியபின் விளிம்புகளைக் கொஞ்சம் கூர்மையாக்கி, மிக லேசாக நுண்மணல் போன்ற இரைச்சலைச் சேர்த்தால் தோல் மெழுகுபோல் தெரிவது குறையும். கூர்மையாக்குவதில் கை அடக்கம் வேண்டும். திரையில் அழகாகத் தோன்றும் வெள்ளை விளிம்பு, பேனரில் முகத்தைச் சுற்றிப் பட்டையாக நிற்கும்.

அதே `Image Size` பெட்டியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். `Resample` குறியை எடுத்துவிட்டு `Resolution` கட்டத்தில் 72 என்பதை 300 என்று மாற்றினால் படத்தில் ஒரு பிக்சலும் கூடாது. அச்சிடும் அளவு மட்டும் காகிதத்தில் சுருங்கும். கைப்பேசிகள் பலவும் தாம் எடுக்கும் எல்லாப் படத்திலும் 72 என்ற எண்ணையே எழுதி வைக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு "இது 72 டிபிஐ படம், தேறாது" என்று நல்ல 12 மெகாபிக்சல் அசலை ஒதுக்கிவிடுவதும், 300 என்று எழுதியிருக்கும் சின்னப் படத்தை ஏற்றுக்கொள்வதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். எத்தனை அங்குலத்துக்கு அச்சாகப்போகிறது என்று தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

டிசைனர் பேனரையே 72-இல் திறந்து வைத்து வேலை செய்கிறார் என்பதும் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அவர் பாட்டியின் 600 பிக்சல் படத்தைக் கொண்டுவந்து வைத்து, மூலையைப் பிடித்து 24 அங்குலத்துக்கு இழுக்கும்போது மேலே அளவுப் பட்டியில் 288 சதவீதம் என்று காட்டும். உண்மையைச் சொல்வது அந்த எண்தான்: 72-ஐ 2.88-ஆல் வகுத்தால் அதே 25. கோரல்டிராவில் படத்தைத் தேர்ந்தெடுத்தால் கீழ்ப்பட்டியில் அதன் மெய்யான அடர்த்தியே தெரியும். இன்டிசைனில் `Links` பலகையில் `Effective PPI` என்று இருக்கும். கடையில் உட்கார்ந்து வடிவமைப்பைப் பார்க்கிறவர் டிசைனரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, இந்த இடத்தில் என்ன எண் காட்டுகிறது என்பதுதான். வடிவமைப்பு முடிந்தபின் எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்கிவிட்டால் இந்த எண் மறைந்துவிடும்.

எழுத்துகளுக்குப் படத்தின் பற்றாக்குறை எதுவும் தொற்ற வேண்டியதில்லை. முகத்தில் 25 பிக்சல்தான் இருக்கிறது என்பதற்காக முழு பேனரையும் 25-இல் உருவாக்கினால் உறவினர் பெயர்கள் உடைந்துபோகும். தமிழ் எழுத்தில் புள்ளியும் சுழியும் ஒட்டி ஒட்டி வருகின்றன. அரை அங்குல உயரத்தில் 'ணை' எழுதினால் 12 பிக்சலுக்குள் அதன் சுழிகளை யாராலும் பிரித்தறிய முடியாது. மேலும் படத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவரும் பெயரைப் படிக்கப் பக்கத்தில் வருவார். எழுத்துகளை எழுத்துகளாகவே வைத்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் இயந்திரம் தன் முழுத் திறனில் அவற்றை அடிக்கும். படக் கோப்பாகத்தான் வேண்டும் என்று கடையில் கேட்டால், நாலுக்கு ஆறடி பேனரை 100-இல் உருவாக்கினால் போதும்: 4800-க்கு 7200 பிக்சல். இதையே 300-இல் செய்தால் 14,400-க்கு 21,600. நான்கு மை நிறங்களுக்குமாகத் திறந்த நிலையில் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். கணினி திணறுவதைத் தவிர அதனால் பலன் ஏதும் இல்லை.

மிகப் பெரிய பேனர்களில் ஒரு பொறி இருக்கிறது. பிடிஎஃப் பக்கத்தின் வழக்கமான உச்ச அளவு 200 அங்குலம், அதாவது பதினேழடிக்கும் சற்றுக் குறைவு. இருபதடி பேனர் அதற்குள் அடங்காததால் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்து, அச்சிடும்போது பத்து மடங்காக்குவார்கள். அப்போது கோப்பில் இருக்கும் அடர்த்தியும் பத்தில் ஒரு பங்காகிவிடும். பத்தடி தூரத்துக்கு 30 வேண்டுமென்றால் சிறு வரைவில் 300 இருக்க வேண்டும். இங்கேயும் பழக்கத்தில் 72 வைத்துவிட்டால் அச்சில் கிடைப்பது 7.2.

இயந்திரத்தின் பலகையில் எழுதியிருக்கும் 720, 1440 எண்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அவை பிக்சல் அல்ல, மைத்துளி. நான்கைந்து மைகளைச் சின்னச் சின்னத் துளிகளாகத் தூவித்தான் இயந்திரம் ஒரு பிக்சலின் நிறத்தை உண்டாக்க முடியும். அதனால் பிக்சலைவிடத் துளிகள் பல மடங்கு அதிகம் வேண்டும். துளி கூடினால் நிறச் சாய்வு சீராக வரும், தோலில் மணல் தூவியதுபோன்ற தோற்றம் குறையும். படத்தில் இல்லாத விவரத்தை அது தராது. வீட்டுக் கூடத்தில் நெருங்கிப் பார்க்கும் வினைல் அச்சுக்கு உயர்ந்த தரத்தைக் கேட்டுக் காசு கொடுக்கலாம். தெருமுனையில் பன்னிரண்டு அடியில் பார்க்கப்படும் பிளெக்ஸுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கணக்கெல்லாம் முடிந்தபின் கண்ணால் சரிபார்த்துவிட வேண்டும்; அதற்கு இரண்டு வழிகள் உண்டு. 24 அங்குல ஃபுல் எச்டி கணினித் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல் இருக்கிறது. 25 பிக்சல் அடர்த்தியில் அச்சாகப்போகும் அசல் படத்தை அதில் 370 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் திரையில் தெரிவது பேனரில் வரும் அதே அளவு முகம். எழுந்து பன்னிரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். இன்னொரு வழி, கண்ணும் மூக்கும் வரும் பகுதியை மட்டும் ஓரடிச் சதுரமாக வெட்டி, அதே பொருளில் அச்சிடச் சொல்வது. கடையில் ஏதோவொரு ரோலின் ஓரத்தில் இடம் இருக்கும். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். திரை வெளிச்சத்தால் காட்டுவதைவிட பிளெக்ஸ் சற்று இருண்டு வரும் என்பதும் இந்தத் துண்டில்தான் தெரியும். நிழலில் எடுத்த முகமாக இருந்தால் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாம்.

படம் இனிமேல்தான் எடுக்கப்போகிறோம் என்றால், அறுபதாம் கல்யாணத்துக்கோ நூலக அரங்கில் வைக்கவோ எடுப்பதென்றால், பாதி வேலை கேமராவைத் தொடுமுன்னே முடிந்துவிடும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, பெரிதாக்காமல், முதன்மைக் கேமராவில் ஐந்தடி தூரத்திலிருந்து எடுத்தால் தலை முதல் மார்பு வரைக்கும் 1300 பிக்சலுக்கு மேல் கிடைக்கும்; குழுப் படத்தில் கிடைத்த 800-ஐவிட இது எவ்வளவோ மேல். இன்னும் நெருங்கினால் பிக்சல் கூடும், ஆனால் கைப்பேசியின் அகலக் கோணம் மூக்கைப் பெரிதாக்கிக் காதுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். முகம் அவர் முகமாக இருக்க வேண்டுமென்றால் நாலடிக்குள் போகாதிருப்பது நல்லது.

50 மெகாபிக்சல் கைப்பேசி வைத்திருப்பவர்கள் அந்த முழு அளவில் எடுக்கலாமா என்று கேட்பார்கள். அந்தச் சென்சார்களில் பெரும்பாலும் நான்கு பிக்சல்களின் மீது ஒரே நிற வடிகட்டி இருக்கிறது. வழக்கமான படத்தில் நான்கையும் சேர்த்து ஒன்றாக்கித்தான் 12 மெகாபிக்சல் தருகின்றன. முழு அளவைக் கேட்டால் இடைப்பட்ட நிறங்களைக் கணித்துத் தரும். திறந்த வெளியில், நிழலில், நல்ல பகல் வெளிச்சத்தில், முகத்துக்கு இது மெய்யாகவே கூடுதல் விவரம் கொடுக்கும். ஆனால் நான்கு மடங்கு அல்ல. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் இரைச்சலும், அதை அடக்கப் பூசும் வழுவழுப்புமே மிஞ்சும். அங்கே 12-தான் நல்லது. இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்து, புருவத்தை நூறு சதவீதத்தில் ஒப்பிட்டுப் பார்த்தால் எதை வைத்துக்கொள்வது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாட்டியின் பேனருக்குக் கடையில் கொடுக்க வேண்டிய தாளில் ஆறு வரி போதும்: பேனர் நாலுக்கு ஆறடி, படம் 24-க்கு 32 அங்குலம், படத்தின் அசல் 600-க்கு 800, பெரிதாக்கியது 2400-க்கு 3200, எழுத்துகள் எழுத்துகளாகவே பிடிஎஃப்-இல், அச்சுக்கு முன் கண் பகுதியில் ஓரடித் துண்டு. படம் இன்னும் பெரிதாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று உறவில் யாராவது சொன்னால், பேனரை ஆறுக்கு எட்டடியாக்கி, பாட்டியைச் சுற்றி வெற்றிடத்தையும் பெயரின் எழுத்தையும் பெரிதாக்கலாம். படத்தை மட்டும் அந்த முப்பத்திரண்டு அங்குலத்திலேயே விட்டுவிட வேண்டும்.